எல்.இ.டி. போர்டு எழுத்து புள்ளி புள்ளியாகப் பிரிந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் இருக்கிறேன். என் பெரியப்பாவுக்குப் பார்வை மங்கிவிட்டது. பஸ் வந்து நின்றதும் போனை உயர்த்தி போர்டைப் படம் எடுப்பார். போனில் இருக்கும் வாசிப்புச் செயலி அதில் எழுதியிருப்பதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். கடைப் பலகையை அது சொல்லிவிடும், மாத்திரை அட்டையைச் சொல்லிவிடும். பஸ்ஸின் எல்.இ.டி. போர்டு என்றால் மட்டும் பேச்சே வராது. அவருக்காக இதைத் துருவ ஆரம்பித்தேன். பிறகு ஊட்டி, கோத்தகிரி, கூடலூர் பக்கத்து நண்பர்களும் போர்டுப் படங்களை அனுப்பி ஒரே மாதிரி சந்தேகங்களைக் கேட்க, அவற்றை அவரவர் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

படத்துல நானே நல்லா வாசிக்கிறேன். செயலிக்கு மட்டும் ஏன் தெரியல?

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ‘ட’ என்ற எழுத்தில் கோடு எதுவும் இருக்காது. தனித்தனியாகப் பதினைந்து இருபது விளக்குகள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் நடுவில் இருட்டு. அந்த இருட்டை நம் கண் தானாகக் கடந்து கோடாகச் சேர்த்துக்கொள்கிறது.

எழுத்துணரும் நிரல்கள் அச்சுப் புத்தகத்தை வாசித்துப் பழகியவை. மை ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கும் பகுதியைத்தான் எழுத்தின் உறுப்பு என்று எடுத்துக்கொள்ளும். தனியாகக் கிடக்கும் சின்னப் புள்ளியைத் தாளில் பட்ட தூசி என்று தள்ளிவிடும். அதனால் எல்.இ.டி. போர்டில் ஒன்றுமே கிடைக்காது, அல்லது முற்றுப்புள்ளியும் காற்புள்ளியுமாகக் கொட்டும். ஆக, புள்ளிகளைச் சேர்த்துக் கோடாக்கி, அதற்குப் பிறகு நிரலிடம் கொடுக்க வேண்டும். இனி வரும் பதில்கள் எல்லாம் இந்த ஒரு வேலையைப் பற்றியவைதான்.

கம்ப்யூட்டர் கைவசம் இல்ல. போன்லயே உடனே செய்யற மாதிரி ஏதாவது இருக்கா?

இருக்கிறது. போர்டை மட்டும் வெட்டி எடுங்கள். போனில் படத்தின் அளவை மாற்றும் வசதி இருந்தால், வெட்டிய படத்தின் உயரம் 30 முதல் 40 பிக்சல் வரும்படி சுருக்குங்கள். அப்புறம் அந்தச் சின்னப் படத்தை நாலு மடங்கு பெரிதாக்கிச் சேமித்து, செயலியிடம் கொடுங்கள். சுருக்கும்போது பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளின் வெளிச்சம் ஒன்றில் ஒன்று கலந்துவிடும். திரும்பப் பெரிதாக்கும்போது அது மங்கலான கோடாக வரும். அந்த மங்கல் கோடே பெரும்பாலும் போதும்.

கிட்டப் போய் தெளிவா எடுத்த படத்தை வாசிக்கல. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்னு எடுத்தது வாசிச்சிடுச்சு. தலைகீழா இருக்கே?

முந்தைய பதிலில் சொன்ன சுருக்கும் வேலையை அங்கே தூரமே செய்து கொடுத்துவிட்டது. ஒரு விளக்கின் நடுவிலிருந்து அடுத்த விளக்கின் நடுவரை உள்ள தூரம் படத்தில் எத்தனை பிக்சல் என்பதுதான் கணக்கு. இதை இனி ‘இடைத்தூரம்’ என்று சொல்கிறேன். இடைத்தூரம் 2 பிக்சலுக்குப் பக்கத்தில் இருந்தால் புள்ளிகள் பிரிந்து தெரியாமல் கோடாகவே பதியும். 12 பிக்சல் இருந்தால் ஒவ்வொரு விளக்கும் தனியாகத் தெரியும், நிரல் தடுமாறும்.

அதற்காகத் தள்ளி நின்றே எடுங்கள் என்று சொல்ல மாட்டேன். கிட்டத்தில் எடுத்த படத்தில் விவரம் அதிகம். அதை நாம் வேண்டிய அளவுக்குச் சுருக்கிக்கொள்ளலாம். தூரத்துப் படத்தில் இடைத்தூரம் ஒரு பிக்சலுக்கும் கீழே போய்விட்டால் பிறகு எதைச் செய்தும் எழுத்தை மீட்க முடியாது.

புள்ளியைத் தடிப்பாக்கிச் சேர்க்கலாம்னு சொல்றாங்க. எவ்வளவு தடிப்பாக்கணும்?

இடைத்தூரத்தில் பாதி. இந்த அளவு எங்கிருந்து வருகிறது என்பதை ஒரு படத்தை வைத்தே சொல்கிறேன். குன்னூரில் ஒரு மாலை எடுத்த பஸ் போர்டு, ‘மேட்டுப்பாளையம்’ என்று இருந்தது. 16 வரிசை விளக்குகள். மேல் வரிசை விளக்கின் நடுவிலிருந்து கீழ் வரிசை விளக்கின் நடுவரை 180 பிக்சல். 16 வரிசைகளுக்கு நடுவே இடைவெளிகள் 15 தான், ஆகவே இடைத்தூரம் 12. (இங்கே 16-ஆல் வகுத்துத் தவறுபவர்கள் நிறைய.) ஒவ்வொரு புள்ளியின் குறுக்களவு ஏறக்குறைய 6 பிக்சல்.

பக்கத்துப் பக்கத்து இரு புள்ளிகளுக்கு நடுவே 6 பிக்சல் இருட்டு. சாய்வாக அமைந்த இரு புள்ளிகள் இன்னும் விலகியிருக்கும். அவற்றின் நடுத்தூரம் 17, நடுவே இருட்டு 11. இரண்டு எழுத்துகளுக்கு இடையில் ஒரு நெடுவரிசை காலியாக விட்டிருந்தால் அங்கே இருட்டு 18. நமக்கு முதல் இரண்டும் மூட வேண்டும், மூன்றாவது திறந்தே இருக்க வேண்டும். ஒவ்வொரு புள்ளியையும் சுற்றிலும் 6 பிக்சல் தடிப்பாக்கினால் குறுக்களவு 18 ஆகும். 17 தூரத்தில் இருக்கும் சாய்வுப் புள்ளிகள் தொட்டுக்கொள்ளும், எழுத்துகளுக்கு நடுவே இன்னும் 6 பிக்சல் மிச்சமிருக்கும். 4 பிக்சல் மட்டும் தடிப்பாக்கினால் நேர்கோடுகள் சேரும், ‘ய’, ‘ள’ போன்றவற்றின் வளைவுகள் அறுந்து நிற்கும். 9 ஆக்கினால் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

இன்னொன்று. ‘குளோசிங்’ என்று ஒரு முறை உண்டு, தடிப்பாக்கிவிட்டு அதே அளவு திரும்ப மெலிய வைப்பது. பலரும் அதைத்தான் முதலில் பரிந்துரைப்பார்கள். நேர்கோட்டுக்கு அது சரி. சாய்வாக நிற்கும் புள்ளிகளை மெலியும்போது மறுபடி பிரித்துவிடும். தமிழ் எழுத்தில் வளைவுதான் அதிகம் என்பதால் நான் தடிப்பாக்குவதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சரி, அதைக் கம்ப்யூட்டரில் செய்ய என்ன எழுதணும்?

பைத்தான், படத்தைக் கையாளும் ஓப்பன்சிவி, எழுத்தை வாசிக்கும் டெசராக்ட் மூன்றும் இருந்தால் போதும். 13 என்பது சுற்றிலும் 6 பிக்சல், நடுவில் 1. உங்கள் இடைத்தூரம் வேறு என்றால் அதோடு 1 கூட்டிப் போடுங்கள், இரட்டைப்படை எண் வந்தால் பக்கத்து ஒற்றைப்படை எண்ணாக்குங்கள்.

```
import cv2
img = cv2.imread("board.png")
g = img[:, :, 2]
_, b = cv2.threshold(g, 0, 255, cv2.THRESH_BINARY + cv2.THRESH_OTSU)
k = cv2.getStructuringElement(cv2.MORPH_ELLIPSE, (13, 13))
b = 255 - cv2.dilate(b, k)
b = cv2.copyMakeBorder(b, 20, 20, 20, 20, cv2.BORDER_CONSTANT, value=255)
cv2.imwrite("out.png", b)
```

`255 -` என்பதை விட்டுவிடாதீர்கள். போர்டில் கறுப்புப் பின்னணியில் வெளிச்ச எழுத்து. டெசராக்ட் வெள்ளையில் கறுப்பு எழுத்தைத்தான் நன்றாக வாசிக்கும். ஓரத்தில் வெள்ளை விளிம்பு சேர்ப்பதும் அதற்காகவே, எழுத்து படத்தின் ஓரத்தை உரசி நின்றால் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் தவறும். பிறகு:

```
tesseract out.png stdout -l tam --psm 7
```

`--psm 7` என்றால் படத்தில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது என்று சொல்வது. அதைச் சொல்லாவிட்டால் பக்கம், பத்தி என்று தேடித் திணறும்.

‘கோத்தகிரி’ங்கறது ‘கோததகிரி’ன்னு வருது. புள்ளி எங்க போச்சு?

இதுதான் தமிழ்ப் போர்டுகளின் பெரிய சிக்கல், எனக்கு அதிக நேரம் பிடித்ததும் இதுதான். ஆங்கில எழுத்தில் இந்தத் தொந்தரவு ‘i’, ‘j’ இரண்டோடு முடிந்துவிடும். நமக்கு மெய்யெழுத்து ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு புள்ளி. 16 வரிசைக்குள் மேலே புள்ளிக்கும் கொக்கிக்கும் இடம் வேண்டும், கீழே உகரத்தின் சுழிக்கு இடம் வேண்டும். நடுவில் எழுத்துக்கு மிஞ்சுவது பத்து வரிசைக்குள்தான். அதனால் மெய்ப்புள்ளிக்குப் பல போர்டுகளில் ஒரே ஒரு விளக்குதான். ‘ட்’ இப்படி இருக்கும்:

```
...#....
........
.#......
.#......
.#......
.#......
.#......
.#######
```

மேலே தனியாக நிற்கும் அந்த ஒரு விளக்கு மூன்று வழியில் தொலையும். படத்தைச் சுருக்கினால் பக்கத்தில் துணைக்கு வேறு வெளிச்சம் இல்லாததால் மங்கி மறையும். தடிப்பாக்கினால், அளவு சற்றுக் கூடியதும் கீழே இருக்கும் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். அப்போது ‘த்’ என்பது ‘தி’ போலவும் தெரியும். மூன்றாவதாக, நிரலே அதைத் தூசி என்று நினைத்துத் துடைத்துவிடும்.

சுருக்கும் முறையில் புள்ளி போனால் தடிப்பாக்கும் முறைக்கு மாறுங்கள். அதிலும் போனால் கடைசி வழி, படத்தை மறந்துவிட்டு விளக்குகளை எண்ணுவது. போர்டை நேராக்கி, இடைத்தூரத்துக்கு ஒரு கட்டமாகப் பிரியுங்கள். 16 வரிசை, 128 நெடுவரிசை என்றால் 2048 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் 5க்கு 5 பிக்சல் எடுத்துச் சராசரி பாருங்கள், வெளிச்சம் என்றால் `#`, இருட்டு என்றால் `.` என்று எழுதுங்கள். மேலே காட்டிய ‘ட்’ அப்படிக் கிடைத்ததுதான். ஒரு விளக்குகூட இதில் கலங்காது. அந்தக் கட்டங்களை ஒவ்வொன்றும் 4 பிக்சல் சதுரமாக நிரப்பிப் படமாக்கினால் இடைவெளியே இல்லாத, படிகள் தெரியும் எழுத்து கிடைக்கும். நிரல் அதைத் தடையில்லாமல் வாசிக்கும்.

என் படத்துல எழுத்தோட பாதி வரிசையே காணோம். நேர்ல முழுசா இருந்துச்சு.

போர்டில் எல்லா வரிசைகளும் ஒரே நேரத்தில் எரிவதில்லை. மின்சாரத்தையும் கம்பிகளையும் மிச்சப்படுத்த, சில வரிசைகளை மட்டும் ஏற்றி அணைத்து, அடுத்ததை ஏற்றி என்று வேகமாகச் சுற்றுவார்கள். கடைகளில் தொங்கும் பி10 போர்டுகளில் பெரும்பாலும் நாலில் ஒரு பங்குதான் ஒரு நொடிப்பொழுதில் எரியும். 1, 5, 9, 13-ஆம் வரிசைகள், பிறகு 2, 6, 10, 14 என்று போகும். கண்ணுக்கு எல்லாம் சேர்ந்து தெரிகிறது. நல்ல வெயிலில் போன் தானாக 1/1000 விநாடி போன்ற வேகத்தில் படம் எடுக்கும்போது அந்தக் கணத்தில் எரிந்த வரிசைகள் மட்டும் பதிகின்றன.

கேமராவில் புரோ மோட் இருந்தால் ஷட்டரை 1/60 அல்லது 1/30-க்கு இறக்குங்கள், ஐஎஸ்ஓ-வைக் கீழே வையுங்கள். அந்த வசதி இல்லையென்றால் கையை ஏதாவது கம்பியில் ஊன்றிக்கொண்டு தொடர்ச்சியாக ஐந்தாறு படம் எடுங்கள். அவற்றை `cv2.max` கொண்டு ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தால் எந்தப் படத்திலாவது எரிந்த விளக்கு சேர்ந்த படத்திலும் எரியும். கை அசைந்திருந்தால் முதலில் படங்களை ஒன்றோடொன்று பொருத்திக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஒரு புள்ளி இரண்டாகிவிடும்.

அது ஷட்டர் பிரச்சினையா, விளக்கே செத்துப்போச்சான்னு எப்படித் தெரியும்?

இரண்டு மூன்று படம் எடுத்து ஒப்பிடுங்கள். இருட்டு வரிசை படத்துக்குப் படம் இடம் மாறினால் ஷட்டர். ஒரே இடத்தில் நின்றால் விளக்குதான் பழுது.

பழுதான போர்டில் எழுத்தே வேறு எழுத்தாக மாறும் என்பதைக் கவனியுங்கள். ‘ப’வின் வலப்பக்க நெடுவரிசை அணைந்துவிட்டால் மிஞ்சுவது ‘ட’. முன்பு சொன்ன அந்த மேட்டுப்பாளையம் போர்டில் சரியாக இதுதான் நடந்திருந்தது. தடிப்பாக்கி வாசித்தபோது ‘மேட்டுட்பாளையம்’ என்று வந்தது. நான் என் கணக்கில்தான் பிழை என்று தடிப்பு அளவை மாற்றி மாற்றிப் பார்த்தேன். கட்டம் கட்டமாக எண்ணிப் பார்த்த பிறகே புரிந்தது, ‘ப்’பின் வலது கால் விழ வேண்டிய நெடுவரிசை மேலிருந்து கீழ்வரை காலி. அதே பஸ்ஸின் போர்டு ஆங்கிலத்துக்கு மாறிய படத்திலும் அதே நெடுவரிசை காலியாக இருந்தது. செத்துப்போன விளக்கு எந்த மொழி ஓடினாலும் அதே இடத்தில்தான் இருக்கும். இரண்டு மொழிப் படத்தையும் ஒப்பிடுவது இதற்கு நல்ல சோதனை.

ஓடிக்கிட்டே இருக்கிற எழுத்தை எப்படி எடுக்கறது?

ஓடும் எழுத்தில் 1/30 விநாடி அதிகம். அதற்குள் எழுத்து ஒரு நெடுவரிசை நகர்ந்திருந்தால் புள்ளிகள் இரட்டிப்பாகி, ‘ன’வின் சுழி அடைபட்டுவிடும். சில போர்டுகளில் ஊர்ப்பெயர் நடுவில் வந்து ஓரிரு விநாடி நிற்கும், அந்தத் தருணத்துக்குக் காத்திருங்கள். நிற்காவிட்டால் வீடியோ எடுத்து, தெளிவான சட்டகங்களைத் தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வந்த துண்டைக் கோக்க வேண்டும். முன்பு சொன்ன `cv2.max` முறையை இதில் போடாதீர்கள், எல்லாம் வெள்ளைப் பட்டையாகிவிடும்.

ஊட்டியில் மூடுபனி நேரத்துல எடுத்தா புள்ளியே இல்ல, ஒரே சிவப்புப் பூச்சு. இதுக்கும் தடிப்பாக்கணுமா?

கூடாது. இங்கே சிக்கல் நேர் எதிரானது, புள்ளிகள் ஏற்கெனவே ஒன்றில் ஒன்று கலந்துவிட்டன. பனித்துளியும் போர்டின் முன்னால் இருக்கும் கண்ணாடியின் ஈரமும் வெளிச்சத்தைப் பரப்புகின்றன. சுற்றுப்புறம் இருட்டாக இருப்பதால் போனும் படத்தைத் தேவைக்கு மேல் வெளிச்சமாக்குகிறது. எடுக்கும்போதே திரையில் போர்டைத் தொட்டு, வெளிச்ச அளவைக் கீழே இழுங்கள். பஸ்ஸே தெரியாமல் போர்டு மட்டும் தெரியும் அளவுக்கு இறக்கினாலும் தவறில்லை.

எடுத்து முடித்த படம் என்றால் நிறத்தைப் பிரித்துப் பாருங்கள். சிவப்பு விளக்கு அளவுக்கு மீறிப் பதிந்தால் சிவப்புப் பகுதி முழுக்க உச்சத்தில் நிற்கும், அதில் எழுத்தின் உருவம் இருக்காது. விளக்கின் நடுப்பகுதி மட்டும் வெளுத்து மஞ்சளாகவோ வெள்ளையாகவோ தெரியும். அந்த வெளுப்பு பச்சைப் பகுதியில் பதிந்திருக்கும். மேலே கொடுத்த நிரலில் `img[:, :, 2]` என்பதை `img[:, :, 1]` என்று மாற்றினால் பச்சை வரும். பூச்சுக்குள்ளிருந்து எழுத்து வெளியே வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பஸ் ஏத்தத்துல சாய்ஞ்சு நின்னுச்சு, நானும் ஓரமா நின்னு எடுத்தேன். என்ன பண்ணலாம்?

நம் மலையில் நேராக நிற்கும் பஸ்தான் குறைவு. ஓரத்திலிருந்து எடுத்தால் ஒரு பக்கம் இடைத்தூரம் 12, மறுபக்கம் 8 என்று ஆகிவிடும். ஒரே தடிப்பு அளவு இரண்டுக்கும் பொருந்தாது. ஒரு பக்கம் எழுத்து ஒட்டும், மறுபக்கம் அறும். போர்டின் நான்கு மூலை விளக்குகளைக் குறித்து முதலில் செவ்வகமாக நேராக்குங்கள். ஓப்பன்சிவியில் `getPerspectiveTransform`, போனில் ஆவணம் ஸ்கேன் செய்யும் செயலிகளின் மூலை இழுக்கும் வசதி. இடைத்தூரத்தை அளப்பது அதற்கு அப்புறம்.

ஊர்ப்பட்டியலை வச்சு நெருக்கமான பெயரைத் தானா எடுத்துக்கச் சொல்லலாமா?

ஊர்ப்பெயருக்குச் சொல்லலாம். ‘குனனூர’ என்று வந்தால் பட்டியலில் அதற்கு மிக நெருக்கம் ‘குன்னூர்’, வேறு எதுவும் பக்கத்தில் இல்லை. ஆனால் இரண்டு ஊர்கள் ஏறக்குறைய ஒரே நெருக்கத்தில் வந்தால் எதையும் சொல்லாமல் விடும்படி அமையுங்கள். பெரியப்பாவுக்கு ஊர் தெரியாவிட்டால் நடத்துநரிடம் கேட்டுக்கொள்வார். தவறான ஊரைத் தெளிவான குரலில் சொன்னால் நம்பி ஏறிவிடுவார், கடைசி பஸ்ஸாக இருந்தால் இரவு திரும்ப வழியில்லை.

எண்களுக்கு இந்த முறை வேண்டாம். 8-இல் ஓரிரு விளக்கு அணைந்தால் 6 ஆகும், 9 ஆகும், 3 ஆகும், எல்லாமே சரியான எண்கள்தான். மேட்டுப்பாளையம் ஸ்டேஷன் போர்டில் ரயில் எண்ணை வாசிக்கிறீர்கள் என்றால் பெயரையும் சேர்த்து வாசித்து ஒப்பிடுங்கள். 12672 என்று வந்து கூடவே நீலகிரி எக்ஸ்பிரஸ் என்றும் வந்தால் நம்பலாம், அது சென்னைக்குப் போகும் வண்டியின் எண்தான். நேரத்துக்கும் நடைமேடை எண்ணுக்கும் அப்படி ஒப்பிட எதுவும் இல்லை. அவற்றுக்கு நான் கட்டம் எண்ணும் முறையை மட்டுமே பயன்படுத்துகிறேன். இரண்டு படங்களில் ஒரே எண் வந்தால்தான் செயலி அதைப் பெரியப்பாவுக்குச் சொல்லும்.